ஒரே போனை இரண்டு பேர் வைத்துக்கொள்வது: தனித்தனி புரொஃபைல் போடும் முறை

அம்மாவின் போன் கை தவறி விழுந்து திரை போய்விட்டது. புதிது வாங்கும் வரை என் போனிலேயே சமாளிக்கலாம் என்று அவர் சிம்மை எடுத்து என் போனின் இரண்டாவது சிம் இடத்தில் போட்டேன். மறுநாள் காலை என் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு ரோஜாப்பூ படத்தோடு ஒரு காலை வணக்கம் போயிருந்தது. சித்திக்கு அனுப்புவதாக நினைத்து அம்மா அனுப்பியது. மேலாளர் பதிலுக்குக் கை கூப்பியிருந்தார். அன்று மாலையே அம்மாவுக்குத் தனி புரொஃபைல், அதாவது அதே போனுக்குள் அவருக்கென்று ஒரு தனி இடம், போட்டுக் கொடுத்தேன்.

அதை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் இடறும் என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். பேச்சு முழுக்க ஆண்ட்ராய்டு போனைப் பற்றித்தான். ஐபோனில் இரண்டாவது ஆளுக்குத் தனி புரொஃபைல் போடும் வசதியே கிடையாது.

முதலில், உங்கள் போனில் இந்த வசதி இருக்கிறதா?

Settings திறந்து, மேலே உள்ள தேடல் கட்டத்தில் users என்று தட்டிப் பாருங்கள். Users அல்லது Multiple users என்று ஒரு வரி வந்தால் வசதி இருக்கிறது. பெரும்பாலும் அது System என்ற பகுதிக்குள் இருக்கும். போனை வேறு மொழியில் வைத்திருந்தால் அந்த மொழியில் தேடுங்கள்.

ஆண்ட்ராய்டு போன்களுக்கு இந்த வசதி 2014-இல் வந்த 5.0 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் அதைத் தங்கள் போனில் விட்டுவைப்பதா எடுத்துவிடுவதா என்பது தயாரிப்பு நிறுவனத்தின் விருப்பம். கூகுள் பிக்சல் போன்களில் இருக்கிறது. சாம்சங் இதை டேப்லெட்டில் தருகிறது, போனில் தருவதில்லை. சாம்சங் போனில் இருக்கும் செக்யூர் ஃபோல்டர் உங்களுடையதை நீங்கள் ஒளித்து வைக்கத்தான். இன்னொருவரைக் குடியேற்ற அது சரிப்படாது. ஷாவ்மியின் பல மாடல்களில் செகண்ட் ஸ்பேஸ் என்ற பெயரில் இரண்டாவது இடம் ஒன்று உண்டு. எந்தப் பெயரிலும் கிடைக்கவில்லை என்றால் வேறு செயலி இறக்கி இதைச் செய்ய முயல வேண்டாம். செயலிப் பூட்டு என்று கிடைப்பவை எல்லாம் கதவுக்குத் திரை போடுகிற வேலைதான். உள்ளே எல்லாம் ஒன்றாகவேதான் கிடக்கும்.

எது பிரியும், எது பிரியாது

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் பிறகு ஏமாற்றமாக இருக்கும். புரொஃபைல் போட்டால் இரண்டு பேருக்கும் திரை, பூட்டு, கூகுள் கணக்கு, புகைப்படங்கள், செயலிகள், செயலிகளுக்குள் இருக்கும் தகவல்கள் எல்லாம் தனித்தனி. புரொஃபைலை இனி பக்கம் என்றே சொல்கிறேன். அம்மாவின் பக்கத்தில் இருந்துகொண்டு என் படங்களைப் பார்க்க முடியாது. போனின் உரிமையாளர் நான்தான் என்றாலும் என்னாலும் அம்மாவின் படங்களைப் பார்க்க முடியாது. அவர் புரொஃபைலையே அழிக்கத்தான் என்னால் முடியும்.

பிரியாதவை: சிம், இணைய டேட்டா, வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் இணைப்புகள், பேட்டரி, சேமிப்பிடம். அம்மா ஒரு வைஃபையை மறக்கச் சொன்னால் எனக்கும் அது போய்விடும். செயலி விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. இருவரும் வாட்ஸ்அப் போட்டிருந்தாலும் போனுக்குள் செயலி ஒரு பிரதிதான் இருக்கும், உள்ளே சேரும் தகவல்தான் இரண்டு. அதனால் ஒருவர் அப்டேட் செய்தால் இருவருக்கும் அப்டேட் ஆகிவிடும்.

யார் உரிமையாளர்?

போனை முதலில் தொடங்கியவர் உரிமையாளர். அவர்தான் ஆள் சேர்க்கலாம், நீக்கலாம், போனையே மொத்தமாக அழிக்கலாம். போனுக்குக் காசு கொடுத்தவர் யார் என்று பார்த்து இதை முடிவு செய்பவர்கள்தான் அதிகம். நான் சொல்வது வேறு: போன் யார் கையில் அதிக நேரம் இருக்கிறதோ அவர் உரிமையாளராக இருக்கட்டும்.

காரணம் இருக்கிறது. போன் அணைந்து மறுபடி எழும்போது முதலில் உரிமையாளரின் பூட்டைத் திறந்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாமவர் தன் பக்கத்துக்குப் போக முடியும். எங்களுக்கு இது தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. அம்மா சார்ஜில் போட்டு எழுப்பினார். அது என் பூட்டு எண்ணைக் கேட்டது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். "உன் நம்பர் என்னடா?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து குரல். நானும் கத்தினேன். பூட்டு எண் வீட்டுக்கே தெரிந்துவிட்டது. அன்றே அதை மாற்றினேன். இரவில் தானாக அப்டேட் ஆகி போன் மறுபடி தொடங்கினாலும் இதே கதைதான்.

எங்கள் வீட்டில் போன் பகல் முழுக்க என்னோடு வெளியே போகிறது, மாலையில்தான் அம்மா கைக்கு வருகிறது. அதனால் நான் உரிமையாளர். போன் வீட்டிலேயே அம்மாவிடம் இருக்க, பிள்ளை படிப்பதற்கு மட்டும் எடுப்பது என்றால் அம்மா உரிமையாளராக இருப்பதே சரி. ஏற்கெனவே மாறிப் போயிருந்தால், போனை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கினால்தான் மாற்ற முடியும். அந்த அளவுக்கு அவசியமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

புரொஃபைல் போடுவது

ஆரம்பிக்கும் முன் இரண்டு வேலை. ஒன்று, உங்கள் பக்கத்துக்குப் பூட்டு போட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் தனி புரொஃபைலால் பயனே இல்லை. ஒரு தட்டில் உங்கள் பக்கம் திறந்துவிடும். இரண்டு, சேமிப்பிடம். Settings உள்ளே Storage பார்த்து, பத்து ஜிபியாவது காலியாக இருந்தால் நிம்மதி. இது என் கணக்கு. அம்மாவின் பழைய வாட்ஸ்அப் அரட்டைகள் வந்து இறங்கியதும் அவர் பக்கம் மட்டும் ஏழு ஜிபியைத் தொட்டுவிட்டது. அதில் பாதிக்கு மேல் காலை வணக்கப் படங்கள்தான்.

இனி படிகள்.

1. Settings, System, Users என்று போய், மேலே உள்ள பொத்தானை இயக்குங்கள். Allow multiple users, Allow user switch என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும்.

2. Add user தட்டுங்கள். ஒரு எச்சரிக்கை வரும்; எந்தப் பயனரும் எல்லோருக்குமான செயலிகளை அப்டேட் செய்யலாம் என்று அதில் சொல்லியிருக்கும். அதைத்தான் மேலே பார்த்தோம். சரி கொடுங்கள்.

3. புதிய பதிப்புகளில், இவரையும் நிர்வாகி ஆக்கவா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்று சொல்லுங்கள். நிர்வாகி ஆனால் அவரும் உங்களைப் போலவே ஆள் சேர்க்கலாம், நீக்கலாம். தெரியாமல் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

4. பெயர் கொடுங்கள். "அம்மா" என்று வைத்தேன். படமும் வைக்கலாம், வையுங்கள். எழுத்தைப் படிப்பதைவிடத் தன் முகத்தைப் பார்த்துத் தட்டுவது பெரியவர்களுக்குச் சுலபம்.

5. போன் அந்தப் புதிய பக்கத்துக்கு மாறி, புதுப் போன் வாங்கினால் வருவது போலவே மொழி, கூகுள் கணக்கு, பூட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இந்த இடத்தில் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பூட்டு எண்ணை அவரே போடட்டும்.

ஐந்தாவது படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சீக்கிரம் முடிக்கலாம் என்று தன் கூகுள் கணக்கையே அந்தப் பக்கத்திலும் போட்டுவிடுவார்கள். போட்டதுமே தொடர்பு எண்கள், மின்னஞ்சல், கூகுள் போட்டோஸில் சேமித்த படங்கள் எல்லாம் அந்தப் பக்கத்திலும் வந்து நிற்கும். சுவர் எழுப்பிவிட்டு அதில் நாமே ஓட்டை போட்ட கதை. அம்மாவுக்குக் கணக்கு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் புதிதாக ஒன்று தொடங்குங்கள்.

விரல் ரேகையை அவரவர் பக்கத்தில் அவரவர் பதிய வேண்டும். ரேகையைப் பார்த்து போன் தானாகப் பக்கம் மாறாது. நான் முன்பு வசதிக்காக அம்மாவின் கட்டை விரலை என் பக்கத்தில் பதிந்து வைத்திருந்தேன். தனி புரொஃபைல் போட்ட பிறகும் அது அப்படியே இருந்தது. இரண்டு நாள் அம்மா என் பக்கத்தைத்தான் திறந்து பார்த்துவிட்டு, "என் படமெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் பக்கத்தில் அடுத்தவர் ரேகை இருந்தால் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்

இரண்டாமவர் பக்கத்தில் அழைப்பு, எஸ்எம்எஸ் வசதி தானாக இயங்காது. உரிமையாளர் தன் பக்கத்துக்கு வந்து, மறுபடி Users போய், அவர் பெயரைத் தட்டி, Turn on phone calls & SMS என்பதை இயக்க வேண்டும். அவசர எண்களுக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் எப்போதும் அழைக்கலாம்.

இயக்கும்போது போன் ஒன்று சொல்லும்: அழைப்புப் பட்டியலும் எஸ்எம்எஸ் பட்டியலும் அவரோடு பகிரப்படும். அதாவது என் அழைப்புகளை அம்மா பார்க்கலாம், என் எஸ்எம்எஸ்களையும் படிக்கலாம். இரண்டு சிம் இருந்தாலும் சிம்வாரியாகப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. இந்த வசதியின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல் எஸ்எம்எஸ் எல்லாமே இதில் அடங்கும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இதை இயக்கித்தான் வைத்திருக்கிறேன், வேறு வழியில்லை. அவர் சிம்மே இந்தப் போனில்தான் இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு போடும் புரொஃபைல் என்றால் இதை இயக்கவே தேவையில்லை.

வங்கிச் செயலிகளில் சில, போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தாமே அனுப்பி சிம்மைச் சரிபார்க்கும். எஸ்எம்எஸ் அனுமதி இல்லாத பக்கத்தில் அவை பாதியில் நின்றுவிடும். பணம் சம்பந்தப்பட்டதை உரிமையாளர் பக்கத்தில் வைத்துக்கொள்வதே தலைவலி இல்லாத வழி.

வாட்ஸ்அப்

அம்மாவின் பக்கத்தில் பிளே ஸ்டோர் திறந்து வாட்ஸ்அப்பை நிறுவி, அவர் எண்ணைக் கொடுத்தேன். ஆறு இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. எஸ்எம்எஸ் இயக்காமல் இருந்தால் அது உங்கள் பக்கத்துக்கு வந்திருக்கும். அங்கே போய்ப் பார்த்துக்கொண்டு வந்து இங்கே தட்டினால் போதும். பழைய போனில் அரட்டைகளைக் கூகுள் கணக்கில் சேமித்து வந்திருந்தால், அதே கணக்கும் அதே எண்ணும் இருக்கும் பட்சத்தில் மீட்கவா என்று கேட்கும். இந்தக் காரணத்துக்காகவும் அவர் பழைய கூகுள் கணக்கையே போடுவது நல்லது.

இப்போது ஒரே போனில் என் வாட்ஸ்அப் ஒன்று, அம்மாவின் வாட்ஸ்அப் ஒன்று. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் மணி அடிக்காது. நான் என் பக்கத்தில் இருக்கும்போது அம்மாவுக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி என் திரையில் தெரியாது, வீடியோ அழைப்பும் தெரியாது. அவர் பக்கத்துக்கு மாறியதும்தான் எல்லாம் மொத்தமாக வந்து குவியும். சித்தி மூன்று நாள் அழைத்துப் பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தன் மேல் கோபம் என்றே முடிவு கட்டிவிட்டார். "அவசரம்னா சாதாரணமா நம்பருக்கு போடு" என்று அம்மா சொல்லி வைத்த பிறகுதான் சரியானது. சிம்முக்கு வரும் சாதாரண அழைப்பு, மேலே சொன்ன அனுமதியை இயக்கியிருந்ததால், எங்களுக்கு யார் பக்கம் திறந்திருந்தாலும் மணி அடிக்கிறது. நீங்களும் எல்லாம் முடித்ததும் வேறொரு போனிலிருந்து இரண்டு எண்ணுக்கும் அழைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு முறை உங்கள் பக்கம் திறந்திருக்கும்போது, ஒரு முறை அவர் பக்கம் திறந்திருக்கும்போது.

காலை அலாரத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். இரவில் எந்தப் பக்கம் திறந்தபடி போன் படுக்கப்போகிறதோ அந்தப் பக்கத்தில் வையுங்கள். பின்னால் இருக்கும் பக்கத்தை நம்பி ரயிலுக்குக் கிளம்ப முடியாது.

தினமும் மாறுவது

திரையை மேலிருந்து கீழே இரண்டு முறை இழுத்தால், விரைவு அமைப்புகளில் ஒரு சிறிய ஆள் படம் தெரியும். அதைத் தட்டி, போக வேண்டியவரைத் தட்ட வேண்டும். சில விநாடிகள் ஆகும். பிறகு அவர் பூட்டைக் கேட்கும். பூட்டுத் திரையிலேயே இதைச் செய்ய முடியும் என்பதால், அம்மா போனை எடுக்கும்போது நான் அருகில் இருக்கத் தேவையில்லை. Users பகுதியில் Add users from lock screen என்று ஒன்று இருந்தால் அதை நிறுத்தியே வையுங்கள்.

அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "மேலிருந்து இழு. மறுபடி இழு. உன் முகத்தைத் தட்டு. நம்பர் போடு." ஒரு வாரத்தில் பழகிவிட்டார்.

ஒருவர் பக்கத்திலிருந்து மாறினாலும் அந்தப் பக்கம் உடனே தூங்கிவிடாது, பின்னால் கொஞ்சம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நினைவகம் குறைந்த போனில் இது நன்றாகவே தெரியும்: விசைப்பலகை தாமதமாக வரும், செயலிகள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து திறக்கும். அப்படி ஆனால் போனை ஒரு முறை அணைத்து எழுப்பிவிட்டு, தேவைப்படும் பக்கத்தை மட்டும் திறந்து பாருங்கள். வேகம் திரும்பினால் காரணம் அதுதான்.

அப்புறம், படம் அனுப்புவது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கேலரி கிடையாது. கல்யாணத்தில் நான் எடுத்த படங்களை அம்மாவுக்குக் கொடுக்க, ஒரே போனில் இருந்துகொண்டு அவர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை முடிகிறது. தரம் குறையக் கூடாது என்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

விருந்தினர் பயன்முறை எப்போது?

வந்திருக்கும் உறவினர் ஒருவர் ஐந்து நிமிடம் மின்னஞ்சல் பார்க்க வேண்டும் என்றால் புரொஃபைல் போட வேண்டியதில்லை. அதே Users பகுதியிலோ ஆள் படத்தைத் தட்டியோ Add guest அல்லது Guest தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். உங்களுடையது எதுவும் அதில் இருக்காது.

கவனிக்க வேண்டியது முடிக்கும்போதுதான். நீங்கள் உங்கள் பக்கத்துக்குத் திரும்பியதாலேயே விருந்தினர் செய்தது அழிந்துவிடும் என்பதில்லை. சில பதிப்புகளில் வெளியேறும்போது அழிக்கவா, வைத்திருக்கவா என்று கேட்கும். சிலவற்றில் அடுத்த முறை விருந்தினர் பக்கத்தைத் திறக்கும்போது தொடரவா, புதிதாகத் தொடங்கவா என்று கேட்கும். தொடரவா என்பதைத் தட்டினால் முந்தைய விருந்தினரின் மின்னஞ்சல் அப்படியே திறந்து நிற்கும். Users பகுதியில் Delete guest activity என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

அதே காரணத்தால் வீட்டில் தினமும் பயன்படுத்துகிறவருக்கு விருந்தினர் பக்கத்தைக் கொடுக்கவே கூடாது. எடுத்த படம், இறக்கிய பாடம், எல்லாம் ஒரு தட்டில் போய்விடும். திரும்ப எடுக்க முடியாது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கைடட் ஆக்செஸ் என்பதைப் பயன்படுத்தலாம். Settings உள்ளே Accessibility பகுதியில் இருக்கிறது. இயக்கிவிட்டு, கொடுக்க வேண்டிய செயலியைத் திறந்து, பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தி, Start என்று கேட்டால் அதையும் தட்டினால் அந்தச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. குழந்தைக்கு வீடியோ காட்டக் கொடுப்பதற்குப் போதும், அதற்கு மேல் இல்லை.

நீக்கும்போது

அம்மாவுக்குப் புதுப் போன் வந்ததும் அவர் பக்கத்தை நீக்கினேன். அவசரப்படவில்லை. முதலில் அவர் பக்கத்துக்குப் போய் வாட்ஸ்அப் அரட்டைகளைக் கூகுள் கணக்கில் சேமித்தேன். படங்கள் கூகுள் போட்டோஸில் ஏறி முடிந்ததா என்று பார்த்தேன். பிறகு சிம்மைப் புதுப் போனில் போட்டு, அங்கே அரட்டையும் படமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் என் பக்கத்துக்கு வந்து, Users, அம்மா, Delete user என்று தட்டினேன். நீக்கியது நீக்கியதுதான், குப்பைத் தொட்டி என்று ஒன்று இதற்குக் கிடையாது. ஏழு ஜிபி திரும்பக் கிடைத்தது. மறுநாள் காலை என் எண்ணுக்கு ஒரு ரோஜாப்பூ வந்தது, இந்த முறை சரியான ஆளுக்கு.